கண் அசரும் நேரத்தில் தலைக்குள் ‘டமார்’: நரம்பு வெடிக்கிறதா?

வாசகியின் கடிதம்

டாக்டர், எனக்கு 46 வயது. வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். மே மாதக் கடைசியிலிருந்து, ராத்திரி கண் அசரும் நேரத்தில் தலைக்குள் ‘டமார்’ என்று ஒரு சத்தம். சிலிண்டர் வெடித்துவிட்டது என்று முதல் நாள் சமையலறைக்கே ஓடினேன். பக்கத்தில் படுத்திருந்த கணவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருகிறது. ஒருமுறை கண்ணுக்குள் வெல்டிங் வெளிச்சம் மாதிரியும் அடித்தது. வலி இல்லை, நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும். என் அப்பா 61 வயதில் பிரஷர் ஏறி, மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். எனக்கும் நரம்பு வெடிக்கிறதோ என்று பயம். சத்தம் வந்த கையோடு வீட்டு மெஷினில் பார்த்தால் பிரஷர் 158/94. காலையில் 126/80. சி.டி. ஸ்கேன் நார்மல். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? அப்பா போனபின் மனச்சோர்வுக்காக ஒன்றரை வருடம் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. சாப்பிட்டேன். உடம்பு தேறிவிட்டது என்று மே நடுவில் நானே நிறுத்திவிட்டேன். அப்போது யூனிஃபார்ம் ஆர்டர் நேரம், ராத்திரி ஒரு மணி வரை தைப்பேன். தூக்கம் வருவதற்காக மெடிக்கலில் கேட்டு வாங்கிய அல்பிரசோலம் 0.5 மூன்று வாரமாகப் போடுகிறேன். நாத்தனார் இது அமுக்குவான் வேலை, மந்திரிக்க வேண்டும் என்கிறார். எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறதா? இது மகளுக்கும் வருமா?

நரம்பியல் மருத்துவரின் பதில்

சகோதரி, முதலில் உங்களைத் தூங்கவிடாத கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தலைக்குள் எந்த நரம்பும் வெடிக்கவில்லை, ரத்தக்குழாயும் வெடிக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பது நரம்பியல் பாடப்புத்தகத்தில் உள்ள வர்ணனைக்கு அப்படியே பொருந்துகிறது. தூக்கத்துக்குள் நழுவும் நொடியில் வருகிறது, ஒரே ஒரு பெரிய சத்தம், உடனே விழிப்பு, பயம், படபடப்பு, வலி கிடையாது. இதற்கு ‘எக்ஸ்ப்ளோடிங் ஹெட் சிண்ட்ரோம்’ என்று பெயர். பெயரைக் கேட்டதும் மறுபடி பயந்துவிடாதீர்கள். பெயரில் இருக்கும் பயங்கரம் நோயில் இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த வியாதியும் இல்லை. 1876-இலேயே அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல், தூங்கப் போகும்போது துப்பாக்கி வெடித்தது போலவும் மணி அடித்தது போலவும் சத்தம் கேட்டு அலறி எழுந்த இரண்டு ஆண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அதன்பின் வெகுகாலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்றைய பெயரைப் பரவலாக்கியவர் இங்கிலாந்தின் டாக்டர் ஜே.எம்.எஸ். பியர்ஸ். 1988-இல் முதலில் எழுதினார், அடுத்த ஆண்டே 50 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். அவர் சொன்ன முக்கியமான விஷயம், இது தீங்கு செய்யாது என்பதுதான். இன்று தூக்கக் கோளாறுகளின் சர்வதேச வகைப்பாட்டில் இதற்கு முறையான இடம் இருக்கிறது.

இது அபூர்வமும் இல்லை. 2015-இல் அமெரிக்காவில் 211 கல்லூரி மாணவர்களை நேரில் விசாரித்தபோது, ஏறக்குறைய 18 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படிக் கேட்டதாகச் சொன்னார்கள். அப்படியானால் ஏன் யாரும் பேசுவதில்லை என்று கேட்பீர்கள். உங்களையே கேட்டுப் பாருங்கள். கணவரையும் நாத்தனாரையும் தவிர யாரிடமாவது சொன்னீர்களா? ‘மண்டைக்குள் குண்டு வெடிக்கிறது’ என்று சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். டாக்டரிடம் போனாலும் ‘தலைவலி’ என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். டாக்டரும் தலைவலிக்கு மாத்திரை எழுதிவிடுகிறார். சத்தம் அப்படியே தொடர்கிறது.

சத்தமா, வலியா?

உங்கள் அப்பாவுக்கு நடந்ததற்கும் உங்களுக்கு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும்போது சத்தம் கேட்பதில்லை, அது வலியாகத்தான் தெரியும். மூளையைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் கசிந்தால், வாழ்க்கையில் அதுவரை பார்த்திராத தலைவலி, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும். போனது இறங்காது, மணிக்கணக்கில் நிற்கும். வாந்தி வரும், கழுத்து விறைக்கும், சிலர் நினைவு தப்பி விழுவார்கள். பிரஷரால் மூளைக்குள்ளேயே ரத்தம் கசிந்தால் ஒரு பக்கக் கை கால் விழும், வாய் கோணும், பேச்சு குழறும். எப்படிப் பார்த்தாலும் ரத்தக்கசிவு ஒரு நொடியில் வந்து, அடுத்த நொடி நீங்கள் எழுந்து சமையலறைக்கு ஓடிப்போய் சிலிண்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்கும்படி விடாது. அதுவும் வாரம் மூன்று முறை, இரண்டு மாதமாக, மறுநாள் காலையில் ஒரு குறையும் இல்லாமல்!

சிலருக்குச் சத்தத்தோடு ‘சுரீர்’ என்று ஒரு குத்தல் வருவதுண்டு, அதுவும் நொடியில் போய்விடும். கண்ணுக்குள் அடித்த வெளிச்சமும் இதன் கூட்டாளிதான். பத்தில் ஒருவருக்கு அப்படி வரும். சிலர் உடம்பில் கரண்ட் பாய்ந்ததாகவும், ஒரு நொடி மூச்சு நின்று, வேண்டுமென்று இழுத்துவிட வேண்டியிருந்ததாகவும் சொல்வார்கள். உங்களுக்கு அடுத்த முறை அப்படி ஏதாவது வந்தால், நோய் முற்றிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

இப்போது அந்த 158/94 விஷயம். சத்தத்துக்குக் காரணம் பிரஷர் என்று நினைத்திருக்கிறீர்கள். நடந்தது அதற்கு நேர்மாறானது. திடுக்கிட்டு எழுந்தவுடன் உடம்பு அட்ரினலினைக் கொட்டும், நெஞ்சு அடிக்கும், பிரஷர் ஏறும். அந்த நேரத்தில் யாருக்குப் பார்த்தாலும் ஏறித்தான் இருக்கும். பயத்தில் எடுத்த அளவு, அந்தப் பயத்தின் அளவையே காட்டுகிறது. அந்த எண்ணைப் பார்த்து மேலும் பயந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி கட்டிப் பார்த்து, அதுவும் ஏறியிருக்க, விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ராத்திரியில் அந்த மெஷினை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

ஆனால் பகலில் அதற்கு வேலை இருக்கிறது. அப்பாவுக்கு இருந்தது பிரஷர் என்பதால், உங்களுக்கு வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதைச் சத்தத்தோடு முடிச்சுப்போடாமல் தனியாகக் கவனியுங்கள். ஒரு வாரம், காலையிலும் மாலையிலும், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். தையல் மெஷினில் மிதித்துக்கொண்டிருந்துவிட்டு நேரே வந்து எடுக்கக் கூடாது. முதல் நாள் அளவை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுப்பது 135/85-க்குக் கீழே இருந்தால் சரி. அதைத் தாண்டினால் உங்கள் ஊர் மருத்துவரைப் பாருங்கள். காலை அளவு 126/80 என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

ஸ்கேன் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் எல்லோருக்கும் குழப்பம் இருக்கிறது. உங்கள் சி.டி. நார்மல் என்பதால் மட்டும் நான் உங்களுக்குத் தைரியம் சொல்லவில்லை. ரத்தக்கசிவு ஆன சில மணி நேரத்தில் எடுத்தால்தான் சி.டி. அதை உறுதியாகக் காட்டும், நாள்கள் போகப் போக அதன் கண்ணுக்குத் தப்பும். நான் நம்புவது நீங்கள் சொன்ன கதையை. அந்தக் கதை இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எம்.ஆர்.ஐ.-யில் கூடுதலாக எதுவும் தெரியப்போவதில்லை. தெரிந்தாலும் பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கும் இருக்கும், எந்தத் தொந்தரவும் செய்யாத வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நீங்கள் அடுத்த ஆறு மாதம் பயப்படுவீர்கள். ‘அப்பாவுக்கு வந்தது, எனக்கும் ரத்தக்குழாயில் வீக்கம் இருக்குமோ’ என்று கேட்டால், அப்படித் தேடிப் பார்ப்பதைப் பொதுவாக, பெற்றோர், உடன்பிறந்தவர்கள் ஆகியோரில் இரண்டு பேருக்காவது ரத்தக்குழாய் வீக்கமோ, அதனால் கசிவோ இருந்த குடும்பங்களுக்குத்தான் சொல்கிறோம். அப்பாவுக்கு நடந்தது பிரஷரால் வந்த கசிவு என்றால் அது வேறு ரகம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டில் இருந்தால், மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். அதில் எந்த வகைக் கசிவு என்று எழுதியிருக்கும்.

அந்த நொடியில் மூளைக்குள் என்ன நடக்கிறது?

தூக்கம் ஒரே அடியாக வந்து விழுவதில்லை. ராத்திரி நீங்கள் கடையைச் சாத்துவதை எண்ணிப் பாருங்கள். முதலில் மெஷின் மோட்டார், அப்புறம் இஸ்திரிப் பெட்டி, ஃபேன், லைட், கடைசியில் ஷட்டர் என்று ஒவ்வொன்றாக அணைப்பீர்கள். மூளையும் கை கால்களின் விறைப்பு, பார்வை, காது கேட்பது, யோசனை என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருகிறது. இதை நடத்துவது மூளைத்தண்டில் உள்ள ஒரு நரம்புப் பின்னல். இந்த வரிசையில் எங்கோ ஒரு சின்னத் தாமதம் ஏற்படும்போது, அடங்க வேண்டிய, ஒலியைக் கேட்கும் பகுதியின் நரம்பணுக்கள் அடங்காமல் ஒரே சமயத்தில் துடித்துவிடுகின்றன என்பதுதான் இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். காதுக்குள் எந்த ஒலியும் நுழையவில்லை, ஆனால் ஒலியை உணரும் இடம் முழு வேகத்தில் வேலை செய்துவிட்டது. அதனால்தான் உங்களுக்கு அது நிஜச் சத்தமாகக் கேட்டது, பக்கத்தில் இருந்த கணவருக்குக் கேட்கவில்லை. பார்வைப் பகுதியும் கூடவே துடித்தால் வெளிச்சம் தெரியும்.

இதற்கு நேர்ச் சொந்தக்காரர் ஒருவர் உண்டு, உங்களுக்கும் அவரைத் தெரிந்திருக்கும். கண் அசந்ததும் படியில் கால் தவறியது போல உடம்பு ஒருமுறை தூக்கிப் போடுமே, அதுதான். அதில் அசைவைக் கவனிக்கும் பகுதி தடுமாறுகிறது, இதில் ஒலியைக் கேட்கும் பகுதி. உடம்பு தூக்கிப் போட்டால் சிரித்துக்கொண்டு திரும்பிப் படுக்கிறோம். சத்தம் வந்தால் நரம்பு டாக்டரிடம் ஓடுகிறோம்.

தூக்க ஆய்வுக்கூடத்தில் தலையில் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்துப் பதிவு செய்தபோது சிலருக்கு இது அங்கேயே வந்திருக்கிறது. அந்தப் பதிவுகளில் வலிப்புக்கான அலைகள் இல்லை. தூங்கிவிட்டோம் என்று அவர்கள் நினைத்த நேரத்தில், மூளை தளர்ந்த விழிப்பில் இருந்தது. வலிப்பாக இருந்தால் பகலிலும் வரலாம், பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் ஒரே அச்சாக வரும், வந்து போனபின் சற்று நேரம் குழப்பமாக இருக்கலாம், சிலர் நாக்கைக் கடித்திருப்பார்கள், படுக்கை நனைந்திருக்கும். உங்களுக்கு அடுத்த கணமே எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

ஏன் மே மாதத்தில் தொடங்கியது?

உங்கள் கடிதத்தில் நான் பேனாவால் கோடு போட்ட இடம் இதுதான். மே நடுவில் எஸ்சிட்டலோபிராமை நீங்களே நிறுத்தினீர்கள், மே கடைசியில் சத்தம் தொடங்கியது. இடையில் ஏறக்குறைய பத்து நாள். ஒன்றரை வருடம் சாப்பிட்ட மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் சில நாள்களிலேயே உடம்பு காட்டிக்கொடுக்கும். தலைசுற்றல், எரிச்சல், கனவுகள், தூக்கம் கலைவது, தலையைத் திருப்பினால் உள்ளே கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். இந்த வகை மாத்திரைகளையும் தூக்க மாத்திரைகளையும் திடீரென்று நிறுத்தியபின் தலைக்குள் வெடிச் சத்தம் தொடங்கியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

அதே சமயம், அந்த நாள்களில் நீங்கள் ஒரு மணி வரை தைத்திருக்கிறீர்கள். காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டால் நான்கரை மணி நேரத் தூக்கம். தூக்கக் குறைவும் மன அழுத்தமும் இதைக் கிளப்பும் என்பது இது உள்ளவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. ஆக உங்கள் விஷயத்தில் இரண்டு காரணங்களும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. இதில் எது முதல் குற்றவாளி என்று பிரித்துச் சொல்ல முடியாது, சொல்லியும் பெரிய பயன் இல்லை. இரண்டையுமே சரி செய்யலாம்.

நிறுத்தி இரண்டு மாதம் ஆகிவிட்டதால், சத்தத்துக்காக மட்டும் எஸ்சிட்டலோபிராமை மறுபடி தொடங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் மனச்சோர்வு திரும்பி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் எழவே பிடிக்காமல் இருக்கிறதா, கடையில் மனம் ஒட்டுகிறதா, சாப்பாடு இறங்குகிறதா? இவற்றில் தடுமாற்றம் இருந்தால், முன்பு எழுதிக்கொடுத்த மனநல மருத்துவரிடம் போய், ‘நானே நிறுத்திவிட்டேன்’ என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். மறுபடி தொடங்குவதா, வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார்.

இந்தக் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஒன்றே ஒன்றுதான், அது அல்பிரசோலம். அது மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாத மருந்து. ஷெட்யூல் ஹெச்1 பட்டியலில் இருக்கிறது, விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். உங்கள் மெடிக்கல்காரர் உதவி செய்வதாக நினைத்திருப்பார். ஆனால் மூன்று வாரத்தில் உடம்பு இதற்குப் பழகத் தொடங்கிவிடும், போகப் போக ஒன்று போதாமல் இரண்டு கேட்கும். நான் இப்படி எழுதியதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள்! திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை இரட்டிப்பாகத் திரும்பும், வெடிச் சத்தமும் கூடலாம், சிலருக்கு வலிப்புகூட வரும். ‘பார்த்தாயா, மாத்திரை இல்லாவிட்டால் எனக்கு ஆகாது’ என்று அந்த வலையில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். 0.5-ஐ 0.25 ஆக்கி ஒன்றிரண்டு வாரம் கொடுத்து, பிறகு நிறுத்துவது போல ஒரு கணக்கை அவர் போட்டுத் தருவார்.

சரி, இந்தச் சத்தத்துக்கென்றே மருந்து இல்லையா? குளோமிப்ரமின், அமிட்ரிப்டிலின், டோபிராமேட், ஃப்ளூனாரிசின் என்று பலவற்றைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், சிலருக்குப் பலன் கிடைத்திருக்கிறது. எல்லாமே ஒரு சிலருக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவங்கள்தான். ஒப்பிட்டுச் சோதித்த முறையான ஆய்வு எதுவும் நடக்கவில்லை. டோபிராமேட் சாப்பிட்ட ஒருவருக்குச் சத்தம் நிற்கவேயில்லை, அதன் அளவு மட்டும் குறைந்தது. ராத்திரிக்கு ராத்திரி வந்து தூக்கத்தையே கெடுத்தால்தான் நான் இவற்றைப் பற்றி யோசிப்பேன். வாரம் இரண்டு மூன்று முறை வரும் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். இது இன்னதென்று தெரிந்த மாத்திரத்திலேயே பலருக்குக் குறைந்துவிடுகிறது. பயம் போனால் தூக்கம் சீராகிறது, தூக்கம் சீரானால் சத்தத்துக்கு இடம் குறைகிறது.

இனி ராத்திரியில் என்ன செய்வது?

பத்தரை மணிக்கு மெஷினை நிறுத்துங்கள். ஆர்டர் மிச்சமிருந்தால் காலையில் ஒரு மணி நேரம் முன்பாக எழுந்து தையுங்கள், அது எவ்வளவோ மேல். படுக்கும் நேரமும் எழும் நேரமும் ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒன்றாக இருக்கட்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் டீ, காபி வேண்டாம். மல்லாந்து படுக்கும் பழக்கம் இருந்தால் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள், பலருக்கு அது உதவுவதாகச் சொல்கிறார்கள். கணவரிடம் ஒன்று கேளுங்கள்: குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா? ஆமென்றால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். மூச்சு நின்று நின்று வரும் கோளாறு தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும்.

சத்தம் வந்தால் எழுந்து ஓட வேண்டாம். ‘வலி இருக்கிறதா? இல்லை. கை கால் அசைகிறதா? அசைகிறது’ என்று இரண்டே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். லைட்டைப் போடாமல், மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கிக்கொண்டு படுத்திருங்கள். படபடப்பு சில நிமிடத்தில் தானாக அடங்கும். சிலிண்டரைப் போய்ப் பார்க்கத் தோன்றும். படுக்கப் போகும்போதே ரெகுலேட்டரை மூடிவிட்டீர்களானால் அந்தச் சாக்கும் இல்லை.

ஒரு மாதத்துக்கு மட்டும் சின்ன நோட்டு ஒன்றில் காலையில் இரண்டு வரி எழுதுங்கள். ‘செவ்வாய், 11 மணிக்குப் படுத்தேன், கண் அசரும்போது ஒரு தடவை, இரும்பு ஷட்டர் விழுந்த மாதிரி, வலி இல்லை, முந்தின ராத்திரி ஐந்து மணி நேரம்தான் தூங்கினேன்’ என்ற அளவில் போதும். ராத்திரியில் எழுந்து எழுதக் கூடாது. குறைந்த தூக்கத்துக்கு மறுநாள்தான் வருகிறது என்று உங்களுக்கே தெரிய வரலாம். மருத்துவருக்கும் இந்த நோட்டு ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்? திடீரென்று வந்து ஒரு நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, நினைவு தப்புதல், முகம் கோணுதல், ஒரு பக்கம் பலமிழத்தல், பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். சத்தம் பகலில் நன்றாக விழித்திருக்கும்போது வந்தாலும், தூக்கத்தில் கை கால் வெட்டி இழுப்பதைக் கணவர் பார்த்தாலும், தினமும் ராத்திரி ஒரு தலைவலி உங்களை எழுப்பிக் கால் மணி நேரத்துக்குமேல் நின்றாலும், காதுக்குள் நாடித்துடிப்போடு சேர்ந்து ‘புஸ் புஸ்’ என்று ஓயாமல் கேட்டாலும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அவை வேறு விஷயங்கள், அப்போது ஸ்கேனுக்கும் இ.இ.ஜி.-க்கும் அர்த்தம் உண்டு.

நாத்தனார் சொன்னதும், நீங்கள் கேட்காமல் விட்டதும்

உங்கள் நாத்தனார் ஒரு விதத்தில் கெட்டிக்காரர். அமுக்குவான் என்று நம் ஊரில் சொல்வது, விழித்தபின்னும் உடம்பை அசைக்க முடியாமல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருக்கும் தூக்க முடக்கம். அதுவும் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் நேரும் தடுமாற்றம்தான், கனவுத் தூக்கத்தில் உடம்பை முடக்கி வைக்கும் ஏற்பாடு விழித்தபின்னும் சற்று நேரம் விடாமல் இருப்பது. அது வருபவர்களுக்கு இந்த வெடிச் சத்தமும் வருவது அதிகம் என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆக இரண்டையும் ஒரே குடும்பம் என்று அவர் சேர்த்தது சரி, பேயைச் சேர்த்ததுதான் தப்பு. மந்திரித்தால் சிலருக்குப் பயம் தெளிந்து நின்றும் போகும். கோயிலுக்குப் போய் மனம் தேறும் என்றால் போய்விட்டு வாருங்கள். பரிகாரம் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

பைத்தியம் பிடிக்குமா என்ற கேள்விக்கு, பிடிக்காது. மனநோயில் கேட்பது பெரும்பாலும் குரல்கள், அவை பேசும், திட்டும், கட்டளையிடும், முழு விழிப்பில் பட்டப்பகலில் கேட்கும். உங்களுக்குக் கேட்பது அர்த்தமில்லாத ஒற்றைச் சத்தம், தூக்கத்தின் வாசலில் மட்டும். அது வெளியிலிருந்து வரவில்லை என்று உங்களுக்கே சற்று நேரத்தில் தெரிந்துவிடுகிறது.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று: இது எப்போது நிற்கும்? நாள் குறித்துச் சொல்ல முடியாது. சிலருக்குச் சில வாரம் அடுத்தடுத்து வந்துவிட்டு வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காது, பிறகு தூக்கம் கெட்ட ஒரு வாரத்தில் மறுபடி வரும். தீபாவளித் தையல் நேரத்தில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். இது தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் நோய் என்று காட்டும் ஆதாரம் இல்லை. ஆனால் கல்லூரி வயதிலேயே இத்தனை பேருக்கு வருகிறது என்னும்போது, பரீட்சை நேரத்தில் கண் விழித்துப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு எப்போதாவது வந்தாலும் வரலாம். உங்களுக்கு வந்ததை இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள். அல்பிரசோலம் குறைக்கும் கணக்கை வாங்க மருத்துவரிடம் போகும்போது, மாத்திரை அட்டைகள், சி.டி. ரிப்போர்ட், பகலில் எடுத்த பிரஷர் அளவுகள், அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி நான்கையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.